டெலிவரி அழைப்பு ஒவ்வொரு முறையும் வேறு எண்ணிலிருந்து வருகிறதா? ஏன் வருகிறது, உண்மையானவரா என்று எப்படிப் பார்ப்பது: முழுமையான வழிகாட்டி

காலையில் 080 என்று தொடங்கும் எண்ணிலிருந்து ஒருவர் கூப்பிட்டு "வீட்ல இருக்கீங்களா?" என்கிறார். அரை மணி நேரம் கழித்து ஏதோ ஒரு செல்போன் எண்ணிலிருந்து "லேண்ட்மார்க் சொல்லுங்க" என்று ஒரு குரல். மதியம் 044 எண்ணிலிருந்து பதிவு செய்த குரல் ஒன்று. மூன்றும் ஒரே பார்சலுக்காக இருக்கலாம். மூன்றில் ஒன்று மோசடியாகவும் இருக்கலாம். எண்ணை மட்டும் பார்த்து இதைப் பிரித்தறிய முடியாது.

இதில் தடுமாறுகிறவர்கள் இரண்டு வகை. சிலர் தெரியாத எண் என்று எதையும் எடுக்காமல் விட்டு, பார்சல் திரும்பிப் போன பிறகு வருத்தப்படுகிறார்கள். மற்றவர்கள் "பார்சல்" என்ற சொல்லைக் கேட்டதும் எதிர்முனையில் சொல்வதையெல்லாம் செய்துவிடுகிறார்கள். கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்தால் இரண்டையும் தவிர்க்கலாம். ஒவ்வொரு படியும் முந்தைய படியில் தெரிந்துகொண்டதை வைத்து நடப்பதால் வரிசையை மாற்ற வேண்டாம்.

## 1. முதலில், எண் ஏன் மாறுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பெரிய ஆன்லைன் கடைகளும் உணவு டெலிவரி ஆப்களும் பல கூரியர் நிறுவனங்களும் உங்கள் செல்போன் எண்ணை டெலிவரி செய்பவரிடம் நேரடியாகக் கொடுப்பதில்லை. அவருடைய ஆப்பில் உங்கள் ஆர்டருக்குப் பக்கத்தில் ஒரு அழைப்பு பட்டன் மட்டும்தான் இருக்கும். அதை அழுத்தியதும் நிறுவனத்தின் சர்வர் முதலில் அவர் போனுக்கு அழைக்கும், அடுத்து உங்கள் போனுக்கு அழைக்கும், பிறகு இரண்டு இணைப்பையும் சேர்த்துவிடும். உங்கள் திரையில் தெரிவது இப்படி இணைத்துவைத்த நடு எண். அவர் எண் உங்களுக்குத் தெரியாது, உங்கள் எண் அவருக்குத் தெரியாது. வேலை முடிந்த பிறகு யாரும் யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது.

இந்த நடு எண்களை நிறுவனங்கள் மொத்தமாக வாங்கி வைத்திருக்கும். அழைப்பு போகும்போது அந்தத் தொகுப்பில் எது காலியாக இருக்கிறதோ அது எடுத்துக்கொள்ளப்படும். அதனால் ஒரே ஆள் பத்து நிமிட இடைவெளியில் இரண்டு முறை அழைத்தாலும் உங்கள் திரையில் இரண்டு எண்கள் தெரியலாம். 080 என்றால் பெங்களூரு, 022 என்றால் மும்பை, 044 என்றால் சென்னை என்பது சரிதான். ஆனால் அது நிறுவனம் அந்த இணைப்பை எங்கே வாங்கியது என்பதைத்தான் சொல்கிறது. உங்கள் தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டு நிற்பவரும் 080 எண்ணில்தான் வருவார்.

சாதாரண பத்து இலக்க எண்ணிலிருந்து வரும் அழைப்புக்கும் நியாயமான காரணங்கள் உண்டு. ஆப் வழியான அழைப்பு இணையாதபோது சிலர் சொந்த போனை எடுத்துவிடுவார்கள். உள்ளூர் கூரியர்களில் நடு எண் ஏற்பாடே இருக்காது. பார்சல் மேல் ஒட்டிய சீட்டில் உங்கள் எண் அச்சாகியிருக்கும், அதைப் பார்த்துத்தான் அடிப்பார்கள். அஞ்சல்காரரும் அப்படியே. நேற்று வந்தவர் இன்று விடுப்பு என்றால் வேறொருவர் அந்தத் தடத்தை எடுப்பார், எண்ணும் மாறும்.

மூன்றாவதாக, பார்சல்களைப் பிரித்து அனுப்பும் கிடங்கான ஹப்பிலிருந்து வரும் அழைப்பு. டெலிவரி செய்பவர் "வாடிக்கையாளர் வீட்டில் இல்லை" என்று குறித்துவிட்டால், அது உண்மைதானா என்று கேட்க ஒரு தானியங்கி அழைப்போ அலுவலகத்து ஆளோ உங்களை அழைப்பதுண்டு. "இன்றே வேண்டும் என்றால் 1, வேறு நாள் என்றால் 2" என்று கேட்கும் குரல் பெரும்பாலும் இந்த வகைதான். இதையும் எடுக்காமல் விட்டால் சில முயற்சிகளுக்குப் பிறகு பார்சல் அனுப்பியவருக்கே திரும்பிவிடும்.

ஆகவே எண் மாறுவது மோசடிக்கு அடையாளம் இல்லை. அதே காரணத்தால், ஒரு எண் லேண்ட்லைன் போலவோ நேற்று வந்த எண் போலவோ இருப்பது நம்புவதற்கு ஆதாரமும் இல்லை. போனில் பெயர் காட்டும் ஆப்கள் "இன்ன கூரியர்" என்று காட்டுவதையும் அப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பெயர்களில் பல, பயன்படுத்துபவர்கள் பதிந்ததிலிருந்து வருபவை. யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரையும் வரவழைத்துக்கொள்ளலாம்.

## 2. அழைப்பு வருவதற்கு முன்பே தயாராக வைத்திருக்க வேண்டியவை

பார்சல் வரப்போகிற நாளில் மூன்று விஷயங்கள் தெரிந்திருந்தால் போதும்: எந்தக் கடை அல்லது கூரியர், பணம் கட்டியாயிற்றா இல்லை வாங்கும்போது கொடுக்க வேண்டுமா, கொடுக்க வேண்டும் என்றால் எவ்வளவு. வீட்டில் யார் ஆர்டர் செய்தாலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரே வரியில் இதைப் போட்டுவிடச் சொல்லுங்கள். "நாளைக்கு மிக்ஸி ஜார் வரும், பணம் கட்டியாச்சு" என்பது போதும்.

இது ஏன் முக்கியம் என்றால், யாரும் ஆர்டர் செய்யாத பார்சலைக் கொண்டுவந்து வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு போகிற மோசடி ஒன்று இருக்கிறது. மகனோ மருமகளோ ஆர்டர் செய்திருப்பார்கள் என்று நினைத்துப் பணத்தைக் கொடுத்துவிடுவார்கள். அந்த ஒரு வரி இதை வாசலிலேயே நிறுத்திவிடும்.

இன்னொன்று, போன் அமைப்பு. தெரியாத அழைப்புகளைத் தானாக அமைதியாக்கும் வசதியை ஆன் செய்திருந்தால் பார்சல் வரும் நாளில் அதை அணைத்து வையுங்கள். நடு எண்கள் எதுவும் உங்கள் தொடர்புப் பட்டியலில் இருக்காது என்பதால் அத்தனை அழைப்பும் மணி அடிக்காமலே போய்விடும். பிறகு "போன் எடுக்கவில்லை" என்று குறிப்பு விழும்.

## 3. அழைப்பை எடுத்ததும்: நீங்கள் சொல்லாதீர்கள், அவரைச் சொல்ல விடுங்கள்

"பார்சல் வந்திருக்கு" என்றதும் பலர் செய்யும் தவறு, "ஆமா, அந்தக் கடையிலேர்ந்து புடவைதானே?" என்று தாங்களே எல்லாவற்றையும் எடுத்துக் கொடுப்பது. எதிர்முனையில் இருப்பவருக்கு எதுவும் தெரியாமல் இருந்திருக்கலாம். இப்போது கடையும் தெரியும், பொருளும் தெரியும். அடுத்த ஐந்து நிமிடம் அவர் பேசுவதெல்லாம் உண்மை போலவே இருக்கும்.

அதற்குப் பதிலாக இப்படிக் கேளுங்கள்: "எந்த கூரியர்லேர்ந்து பேசறீங்க? யார் பேர்ல இருக்கு? பணம் ஏதும் கட்டணுமா, எவ்வளவு?" உண்மையான ஆள் இதற்குத் தயங்க மாட்டார். பெயரும் தொகையும் அவர் ஆப்பிலோ பார்சல் சீட்டிலோ கண்ணெதிரே இருக்கும். அனுப்பிய கடையின் பெயர் சில சமயம் அவருக்கே தெரியாது, சீட்டில் வேறு விற்பனையாளர் பெயர் இருக்கும். அதை மட்டும் வைத்து சந்தேகப்பட வேண்டாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. உங்கள் பெயரும் முகவரியும் அவருக்குத் தெரியும் என்பதால் மட்டும் நம்பிவிடாதீர்கள். குப்பையில் போட்ட பழைய அட்டைப்பெட்டியின் சீட்டிலேயே பெயர், முகவரி, சில சமயம் போன் எண் வரை இருக்கும். பழைய பெட்டியை வெளியே போடுவதற்கு முன் அந்தச் சீட்டைக் கிழித்துவிடுவது நல்ல பழக்கம்.

உங்கள் பங்குக்கு நீங்கள் சொல்ல வேண்டியது வழி மட்டும்தான். "பிள்ளையார் கோயில் தாண்டி இடது பக்கம் இரண்டாவது வீடு" என்று சொல்வதில் பயமில்லை. வந்து பார்சல் கொடுக்கப் போகிறவருக்கு அது தேவை.

## 4. வைத்துவிட்டு ட்ராக்கிங் பாருங்கள்

சந்தேகம் துளியாக இருந்தாலும் "அஞ்சு நிமிஷத்துல சொல்றேன்" என்று வைத்துவிடுங்கள். அப்புறம் ஆர்டர் செய்த ஆப்பை நீங்களே திறந்து பாருங்கள். எஸ்எம்எஸ்ஸில் வந்த லிங்க்கைத் தட்டித் திறக்கக் கூடாது. போலி லிங்க் உங்களை அதே மோசடிக்காரரின் பக்கத்துக்குத்தான் கொண்டுபோகும், அங்கே அவர் சொன்னதுதான் எழுதியிருக்கும்.

பார்க்க வேண்டியது ஒரே வரி. இன்று டெலிவரிக்கு வருகிற பார்சலில் `Out for delivery` என்று இருக்கும். பார்சல் இன்னும் வேறு ஊர் கிடங்கில் இருப்பதாகக் காட்டும்போது ஒருவர் "வாசல்ல நிக்கறேன்" என்றால் அது வேறு பார்சலாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பார்சலே இல்லை. ட்ராக்கிங் சில மணி நேரம் பின்தங்குவது உண்டு. ஆகவே பொருந்தாவிட்டால் உடனே மோசடி என்று முடிவு கட்டாமல், அடுத்த படிக்குப் போங்கள். ஆனால் அதுவரை எதையும் கொடுக்காதீர்கள்.

உறவினர் அனுப்பிய பார்சல் என்றால் உங்கள் கையில் ஆப் இருக்காது. அனுப்பியவரிடம் கூரியர் ரசீதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் உள்ள எண்ணை அந்த கூரியரின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள், முகவரியை நீங்களே தட்டச்சு செய்து. ஸ்பீட் போஸ்ட் என்றால் அந்த எண் 13 எழுத்து நீளம்: முதலில் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் IN. இந்த வடிவத்தில் இல்லாத எண்ணை ஒருவர் உள்நாட்டு ஸ்பீட் போஸ்ட் என்று சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

## 5. திரும்ப அழைப்பது எப்படி

நடு எண்ணுக்குத் திரும்ப அழைத்தால் சர்வர் உங்கள் எண்ணைப் பார்த்து, கடைசியாக உங்களுக்கு யார் பேசினார்களோ அவருக்கு இணைக்கும். டெலிவரி முடிந்ததும் அல்லது கொஞ்ச நேரம் கழிந்ததும் இந்தத் தொடர்பு அழிக்கப்பட்டுவிடும். அப்புறம் அழைத்தால் பதிவுக் குரல்தான் கேட்கும், அல்லது அழைப்பு துண்டிக்கப்படும். சில நிறுவனங்களில் ஒரு நான்கு ஐந்து இலக்க பின் எண்ணை எஸ்எம்எஸ்ஸிலோ ஆப்பிலோ தருவார்கள், அழைத்த பிறகு அதை அடித்தால்தான் இணையும். எனவே "திரும்ப அடிச்சேன், போகவே இல்லை" என்பதை மோசடிக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நம்பகமான வழி, ஆர்டர் பக்கத்தில் இருக்கும் அழைப்பு பட்டன். பல ஆப்களில் பார்சல் டெலிவரிக்குக் கிளம்பிய பிறகு அது தெரியும். அதை அழுத்திப் பேசும்போது, உங்கள் பார்சலை வைத்திருப்பவர் யாரோ அவரோடுதான் பேசுவீர்கள். முன்பு அழைத்தவரும் இவரும் ஒருவரே என்றால் "ஆமாம் சார், நான்தான் பேசினேன்" என்பார். இல்லை என்றால் அதுவும் தெரிந்துவிடும்.

பட்டன் இல்லையா? ஆப்பிலோ நிறுவனத்தின் இணையதளத்திலோ உள்ள வாடிக்கையாளர் சேவைக்குப் போங்கள். தேடுபொறியில் கூரியர் பெயரையும் "கஸ்டமர் கேர் நம்பர்" என்றும் தட்டி முதலில் வரும் எண்ணை அடிப்பது மிகப் பெரிய தவறு. அப்படி அடிப்பவர்களுக்காகவே போலி எண்கள் இணையத்தில் பரப்பப்பட்டிருக்கின்றன. இதுவரை சரியாகச் செய்த ஒருவர் இந்த ஒரு படியில் தானாகவே மோசடிக்காரருக்கு போன் போட்டுவிடுகிறார்.

## 6. ஓடிபி: எப்போது சொல்லலாம்

விலை உயர்ந்த பொருள்களுக்கு ஓடிபி கேட்பது உண்மையான நடைமுறைதான். "ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் வாசலில் நிற்கும் உண்மையான ஆளோடும் சண்டை வரும். எந்த ஓடிபி, எந்த நேரத்தில் என்பதுதான் கேள்வி.

ஓடிபி வந்த எஸ்எம்எஸ்ஸை முழுதாகப் படியுங்கள். டெலிவரிக்கான ஓடிபி என்றால் அதில் ஆர்டரைப் பற்றியும், பார்சலை வாங்கும்போது சொல்லும்படியும் எழுதியிருக்கும். வங்கியின் பெயரோ தொகையோ, லாகின் என்றோ, வாட்ஸ்அப் என்றோ இருந்தால் அது டெலிவரிக்கானது இல்லை. எதிரே யார் நின்றாலும் சொல்லக் கூடாது.

நேரம்: பார்சல் உங்கள் கையில் இருக்கும்போது, சீட்டில் உங்கள் பெயரைப் பார்த்த பிறகு. போனில் சொல்ல வேண்டிய தேவை சாதாரணமாக வராது. "ஓடிபி சொன்னாதான் ஹப்புலேர்ந்து வண்டியில ஏத்துவோம்" என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். ஒப்படைத்ததற்கான சான்று அது. பொருள் வராமல் சொல்லிவிட்டால் பொருள் வந்துவிட்டதாக நீங்களே கையெழுத்துப் போட்ட மாதிரி.

இதில் ஒரு கிளைத் தந்திரம் உண்டு. ஆர்டர் செய்யாத பார்சலோடு ஒருவர் வருவார். வேண்டாம் என்றால் "சரி, கேன்சல் பண்ணிடலாம், கேன்சல் ஓடிபி வரும், சொல்லுங்க" என்பார். உங்களுக்கு ஆர்டரே இல்லாதபோது அதை ரத்து செய்ய உங்கள் ஓடிபி எதற்கு? வாங்க மறுத்துக் கதவைச் சாத்திக்கொள்வதற்கு எந்தக் குறியீடும் தேவையில்லை.

## 7. அழைப்பவர் சொல்லி, நட்சத்திரக் குறியில் தொடங்கும் எதையும் அடிக்காதீர்கள்

எண்கள் மாறுவதை மக்கள் பழகிக்கொண்டதையே சாதகமாக்கிக்கொள்ளும் மோசடி இது. அதனால்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அழைப்பவர் மரியாதையாகத்தான் பேசுவார். "டெலிவரி பையனால உங்க அட்ரஸ் கண்டுபிடிக்க முடியல மேடம். நேரா அவர்கிட்ட பேச ஒரு நம்பர் அனுப்பறேன், அதை அப்படியே டயல் பண்ணுங்க" என்பார். வரும் எண் `*401*` அல்லது `*21*` என்று தொடங்கும், பின்னால் ஒரு பத்து இலக்க செல்போன் எண் இருக்கும், சிலவற்றில் கடைசியில் `#` இருக்கும்.

இது யாருக்கும் போன் போடுவதற்கான எண் இல்லை. உங்களுக்கு வரும் அழைப்புகளை எல்லாம் அந்தப் பத்து இலக்க எண்ணுக்குத் திருப்பிவிடும்படி உங்கள் நெட்வொர்க்குக்குக் கொடுக்கும் கட்டளை. அடித்த பிறகு உங்கள் போன் வழக்கம்போலவே இருக்கும், அழைப்புகள் மட்டும் வராது. பலருக்கு நாள் முழுக்கத் தெரியாமலே போவது இதனால்தான்.

கால் ஃபார்வர்டிங்கில் எஸ்எம்எஸ் திரும்பாது, குரல் அழைப்புகள் மட்டுமே திரும்பும். அதுவே அவர்களுக்குப் போதும். வாட்ஸ்அப் போன்ற சேவைகளில் சரிபார்ப்புக் குறியீட்டை எஸ்எம்எஸ்ஸுக்குப் பதில் குரல் அழைப்பாகவும் கேட்டு வாங்கலாம். அவர்கள் தங்கள் போனில் உங்கள் எண்ணை வைத்து வாட்ஸ்அப்பைத் திறந்து, குறியீட்டை அழைப்பாகக் கேட்பார்கள், அழைப்பு அவர்களுக்கே போகும். அடுத்த நிமிடம் உங்கள் பெயரில் உங்கள் உறவினர்களிடம் பணம் கேட்கும் செய்திகள் கிளம்பும். சந்தேகமான பரிவர்த்தனையைப் பற்றி வங்கி உங்களைக் கேட்க அழைத்தாலும் அந்த அழைப்பும் அவர்களிடம்தான் போகும்.

இந்த வகைக் குறியீட்டு வழி ஃபார்வர்டிங்கை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்திவைக்கும்படி தொலைத்தொடர்புத் துறை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. அந்த ஒரு உத்தரவை நம்பி அடித்துப் பார்க்க வேண்டாம். டெலிவரிக்கு வருபவர் உங்களைக் கூப்பிட அவரிடம் பட்டன் இருக்கிறது. நீங்கள் எந்தக் குறியீட்டையும் அடிக்க வேண்டிய வேலையே கிடையாது.

## 8. லிங்க், இரண்டு ரூபாய், ஆப் கோப்பு

"முகவரி முழுமையாக இல்லை, 48 மணி நேரத்துக்குள் புதுப்பிக்காவிட்டால் பார்சல் திரும்பிவிடும்" என்று அஞ்சல் துறையின் பெயரில் ஒரு எஸ்எம்எஸ் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மத்திய அரசின் பிஐபி உண்மை சரிபார்ப்புப் பிரிவு இது போலி என்று அறிவித்திருக்கிறது. முகவரியில் சிக்கல் என்றால் அஞ்சலகத்துக்கே போய்க் கேட்கலாம்.

மறுடெலிவரிக்கு இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் கட்டச் சொல்வதும் இதே குடும்பம். தொகை சின்னது என்பதால் யாரும் யோசிப்பதில்லை. அந்தப் பக்கத்தில் நீங்கள் நிரப்பும் கார்டு விவரம்தான் அவர்களுக்கு வேண்டியது. வாட்ஸ்அப்பில் `.apk` என்று முடியும் கோப்பை அனுப்பி "இதை இன்ஸ்டால் பண்ணினா பார்சல் எங்க இருக்குன்னு தெரியும்" என்றால் திறக்கவே வேண்டாம். அப்படிப்பட்ட ஆப்பால் உங்கள் எஸ்எம்எஸ்களைப் படிக்க முடியும்.

பதிவுக் குரலில் "உங்கள் பார்சல் தடுத்துவைக்கப்பட்டுள்ளது, மேலும் அறிய எண்ணை அழுத்தவும்" என்று வந்து, பிறகு சுங்கத் துறை, போதைப்பொருள், போலீஸ் என்று போனால் உடனே துண்டியுங்கள். எந்த கூரியரும் உங்கள் அழைப்பை போலீஸ்காரருக்கு மாற்றிக்கொடுப்பதில்லை.

## 9. ஒரு நாளின் அழைப்புகளை வைத்துப் பார்ப்போம்

பெங்களூருவில் வேலை பார்க்கும் மகன், ஸ்ரீரங்கத்தில் இருக்கும் அம்மாவுக்கு ஒரு செல்போன் ஆர்டர் செய்திருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பணம் கட்டியாயிற்று. தொடர்பு எண்ணாக அம்மாவின் எண்ணைக் கொடுத்திருக்கிறான். கணக்கு அவனுடையது.

காலை பத்தே முக்காலுக்கு 080 எண்ணிலிருந்து அழைப்பு. "அம்மா, பார்சல் இருக்கு, வீட்ல இருப்பீங்களா?" யார் பெயரில் என்று கேட்டதும் பெயரைச் சரியாகச் சொல்கிறார், பணம் எதுவும் வேண்டாம் என்கிறார். எதையும் கேட்கவில்லை. சரி.

பதினொன்றே காலுக்கு ஒரு செல்போன் எண். அதே குரல், வேறு எண். "ஆப்ல லைன் கிடைக்கலம்மா, என் போன்லேர்ந்து பேசறேன். எந்தத் தெரு?" அம்மா வழி சொல்கிறார். இவர் கேட்டதும் வழி மட்டும்தான். இதுவும் சரி.

பதினைந்து நிமிடம் கழித்து இன்னொரு செல்போன் எண், வேறு குரல். "கூரியர் ஆபீஸ்லேர்ந்து பேசறோம். பையன் அட்ரஸ் தெரியாம திரும்பிட்டான். நான் அனுப்பற நம்பரை டயல் பண்ணுங்க, அவன் லைன்ல வருவான்." எஸ்எம்எஸ்ஸில் `*401*` என்று தொடங்கும் ஒன்று வருகிறது. அம்மா "பையன்கிட்ட கேட்டுட்டு சொல்றேன்" என்று வைத்துவிடுகிறார்.

மகன் தன் ஆப்பைத் திறக்கிறான். `Out for delivery` என்றே இருக்கிறது, முயற்சி தோற்றதாக எந்தக் குறிப்பும் இல்லை. ஆர்டர் பக்கத்து பட்டனை அழுத்துகிறான். அது 022 எண் வழியாக இணைகிறது. "பத்து நிமிஷத்துல போயிடுவேன் சார், அம்மாகிட்ட வழி கேட்டுட்டேன்" என்கிறார். மூன்றாவது ஆள் யார் என்று இப்போது தெரிந்துவிட்டது. பார்சல் வரும் நேரம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று குழம்ப வேண்டாம். ஏராளமானவர்களுக்கு இதே வசனத்தைப் பேசினால் அவர்களில் சிலராவது அன்று பார்சலுக்காகக் காத்திருப்பார்கள்.

கடைசியில் ஒரு சிக்கல். வாசலுக்கு வந்தவர் ஓடிபி கேட்கிறார், அது மகனின் எண்ணுக்கு வந்திருக்கிறது. அம்மா பார்சலைக் கையில் வாங்கி, சீட்டில் பெயர் பார்த்து, பெட்டி பிரிக்கப்படாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகு மகனுக்கு போன் செய்கிறார். அப்போதுதான் அவன் ஓடிபியைச் சொல்கிறான். காலையிலேயே அம்மாவுக்கு அனுப்பி வைத்திருந்தால், மூன்றாவது ஆள் அதைக் கேட்டிருந்தால் அவர் சொல்லியிருக்கக்கூடும்.

## 10. ஏற்கனவே ஏதாவது செய்துவிட்டீர்கள் என்றால்

அவர்கள் அனுப்பிய நட்சத்திரக் குறியீட்டை அடித்துவிட்டால் உடனே `##002#` அடியுங்கள். எல்லா ஃபார்வர்டிங்கையும் ரத்து செய்யும் குறியீடு இது. `*#21#` அடித்தால் எல்லா அழைப்புகளும் எங்காவது திரும்புகின்றனவா என்று காட்டும். இவை வேலை செய்யவில்லை என்றால் போனின் அழைப்பு அமைப்புகளில் கால் ஃபார்வர்டிங் பகுதியைத் திறந்து அணையுங்கள், அதுவும் நடக்கவில்லை என்றால் உங்கள் சிம் நிறுவனத்தின் சேவை மையத்தைக் கேளுங்கள். வேறொரு போனிலிருந்து உங்கள் எண்ணுக்கு அடித்து, மணி உங்களிடம் அடிக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

இதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஃபார்வர்டிங் இருக்கும்வரை வாட்ஸ்அப்பை மீட்டாலும் அவர்கள் மறுபடி எடுத்துக்கொள்ள முடியும். அது முடிந்ததும் வாட்ஸ்அப்பை உங்கள் போனில் மறுபடி உங்கள் எண்ணால் பதிவு செய்து, இரண்டு அடுக்குச் சரிபார்ப்புக்கான பின் எண்ணை வையுங்கள்.

பணம் போயிருந்தால் வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் அப்போதே சொல்லுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதற்கு முன்பு சொன்னால்தான் அதை நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கிறது. `cybercrime.gov.in` தளத்திலும் புகாரைப் பதியலாம். பணம் போகவில்லை, சந்தேகமான அழைப்பு மட்டும்தான் என்றால் `sancharsaathi.gov.in` தளத்தில் சக்‌ஷு என்ற பகுதி அதற்காகவே இருக்கிறது. எண், நேரம், வந்த எஸ்எம்எஸ்ஸின் ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருங்கள்.

எண்ணை பிளாக் செய்வதைப் பற்றி ஒரு வார்த்தை. மோசடி என்று உறுதியான பத்து இலக்க எண்ணை பிளாக் செய்யலாம். ஆனால் 080, 022 போன்ற நடு எண்களைக் கோபத்தில் பிளாக் செய்யாதீர்கள். அதே எண் அடுத்த வாரம் இன்னொரு பார்சலோடு வரும் இன்னொருவருக்கு ஒதுக்கப்படலாம். அவர் அழைப்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஏற்கனவே பிளாக் செய்தவை இருந்தால், பார்சல் வரும் நாளில் அந்தப் பட்டியலைத் திறந்து லேண்ட்லைன் போன்ற எண்களை எடுத்துவிடுங்கள்.